பிள்ளையின் கட்டுரையை ஆங்கிலமாக்கும்போது

காரைக்குடிப் பிள்ளை ஒன்று தமிழில் எழுதுகிறது: "நேற்று ஆயா வளவில் உட்கார்ந்து சீப்புச்சீடை செய்தார்கள்." அதையே ஆங்கிலமாக்கும்போது, "எஸ்டர்டே ஆயா, தே மேக் சீப்புச்சீடை இன் வளவு" என்கிறது. இங்கே 'தே' கவனக்குறைவால் வரவில்லை, மரியாதையால் வந்தது. அதை முதலில் பாராட்டுங்கள். பிறகு, "தமிழில் பெரியவரைப் பலர்போலச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஒரு பெண் என்றால் 'ஷி'தான். ஆயாவின் மதிப்பு அதனால் குறையாது" என்று விளக்குங்கள். 'மேக்'கைத் திருத்த விதி வேண்டாம். "எப்போது செய்தார்கள்?" என்று கேளுங்கள், 'நேற்று' என்றதும் 'மேட்' தானாக வரக்கூடும். வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வளவு, சீப்புச்சீடை இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். திருத்தத்தைப் பென்சிலால் மேலே எழுதுங்கள். பிள்ளை எழுதியதை அடித்து மறைக்காதீர்கள்.