நுங்கு வாங்கும்போதும் வைக்கும்போதும்

பங்குனி, சித்திரையில் சாலையோரம் வந்து இறங்கும் நுங்கு, ஆனி வரை கிடைக்கும். வெளித்தோலைப் பார்த்து இளசா முற்றலா என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

செய்ய வேண்டியவை

• ஒரு காயை வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். ஒரே குலையில் உள்ள காய்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் இருக்கும். அதனால் ஒன்று இளசாக இருந்தால் மற்றவற்றையும் நம்பலாம். உதிரியாகக் குவித்து வைத்திருந்தால் பல குலைகள் கலந்திருக்கும். அங்கே ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

• அரிவாள் இறங்குவதைக் கவனியுங்கள். இளங்காயில் லேசாக இறங்கும். கண் திறந்ததும் கட்டைவிரலால் அழுத்தினால் சுளை குழைந்து கொடுக்கும். கண்ணாடிபோல இருக்கும், நடுவில் நீர் ததும்பும். வெள்ளையாக, தேங்காய்ப் பருப்புபோல விறைத்து நின்றால் முற்றிவிட்டது. சுளையே திரளாமல் வெறும் நீராக இருந்தால் அது பிஞ்சு. அதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

• வீட்டில் வெட்டுவதானால் காம்புப் பக்கத்தை மெல்லிய சீவல்களாகச் சீவுங்கள். கண்கள் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓட்டுக்கும் சுளைத் தோலுக்கும் இடையே கட்டைவிரலை நுழைத்துச் சுற்றிவந்தால் சுளை முழுசாக எழும்பிவிடும். ஒரே வெட்டாக ஆழமாகப் போட்டால் சுளை பிளந்து நீரெல்லாம் தரைக்குப் போய்விடும்.

• காயாகவே வைத்திருங்கள். சனிக்கிழமை 10 காய் வாங்கினீர்கள் என்றால் பெரும்பாலானவற்றில் 3 கண், சிலவற்றில் 2 கண் என 25 சுளைக்கு மேல் தேறும். அன்று சாப்பிட 4 காயை மட்டும் வெட்டுங்கள். மீதியை நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி வைத்து ஞாயிறன்று வெட்டலாம். அதற்கும் மேல் தள்ளிப்போட்டால் நீர் வற்றி இறுகத் தொடங்கும்.

• எடுத்த சுளை மிஞ்சினால் தோலோடு மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் உரித்த சுளையை வாங்காதீர்கள். எப்போது உரித்தது என்று தெரியாது. சூட்டில் சில மணி நேரத்திலேயே புளிக்கும். சுளை வழுவழுப்பாகி, புளித்த வாடை வந்தால் கழுவிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

• சுளையின் மெல்லிய தோலை முன்கூட்டியே உரிக்காதீர்கள். லேசாகத் துவர்க்கும்தான், ஆனால் சுளை காயாமல் காப்பது அந்தத் தோல்தான். சாப்பிடும் நேரத்தில் உரித்தால் போதும். துவர்ப்பு பிடித்தவர்கள் அதோடே சாப்பிடுவார்கள். என் கட்சியும் அதுதான்.

• ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகியதும் நீர் பிரிந்து, சுளை சவசவ என்றாகிவிடும்.

• முற்றல் நுங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், வயிறு வலிக்கும்.

• வெள்ளைச் சட்டையோடு வெட்ட உட்காராதீர்கள். மட்டைச் சாறு பட்ட கறை லேசில் போகாது.