தெரு மீட்டருக்குத் தெரியாத கசிவு: தச்சநல்லூர் வீட்டுக்கு எந்த எச்சரிக்கை பொருந்தும்?

'வீட்டில் தண்ணீர் கசிந்தால் செல்போனுக்கே மெசேஜ் வரும்' என்று ஸ்மார்ட் குடிநீர் மீட்டர் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வரும்தான். ஆனால் திருநெல்வேலி மாநகராட்சியின் தச்சநல்லூர் மண்டலத்தில் தரைத்தொட்டி, மோட்டார், மாடித் தொட்டி என்று இருக்கிற ஒரு வீட்டுக்கு அந்த மெசேஜ் எங்கிருந்து வரும் என்பதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

மீட்டர் கசிவை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால் 96 துண்டு வரும். எந்த வீட்டிலும் நடுராத்திரியில் சில துண்டுகளாவது ஓட்டமே இல்லாமல் இருக்கும். 96 துண்டிலும் தண்ணீர் ஓடியிருந்தால் எங்கோ கசிகிறது என்று மீட்டர் முடிவு செய்கிறது. ஒடிசாவின் பூரி நகரம் போல 24 மணி நேரமும் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிற ஊருக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தும். கோயம்புத்தூரில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் நடப்பதும் அந்த மாதிரி விநியோகத்துக்காகத்தான்.

நம்ம பக்கத்துல தாமிரபரணித் தண்ணீர் குறிப்பிட்ட நேரம் வரும், அப்புறம் நின்றுவிடும். நின்ற பிறகு தெரு மீட்டரில் ஓட்டம் தானாகவே பூஜ்யம். மாடியில் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி விடிய விடிய ஒழுகினாலும், அது ஏற்கெனவே மீட்டரைத் தாண்டி வந்த தண்ணீர். மீட்டருக்கு அது தெரிய வழியில்லை.

அப்படியென்றால் தெரு மீட்டரால் பயனே இல்லையா? ஒரு கசிவை மட்டும் அது நன்றாகப் பிடிக்கும். வழக்கமாக 2,000 லிட்டரோடு நிறைந்து, மிதவை வால்வு மூடிக்கொள்கிற தரைத்தொட்டி உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் வழிந்தால் மீட்டர் 4,000 லிட்டர் காட்டும். 'ஒரு விநியோகத்தில் 2,500 லிட்டரைத் தாண்டினால் மெசேஜ்' என்று வரம்பு வைக்க முடிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் இருக்கும் காற்று வெளியேறும்போது சக்கரம் சுற்றும் மீட்டர் காற்றையும் சேர்த்து எண்ணிவிடும். அதனால் வரம்பை ரொம்ப இறுக்கமாக வைக்காதீர்கள்.

மாடித் தொட்டிக்குப் பிறகு வரும் கசிவுக்குத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஓட்ட உணரி வைக்கலாமே என்று தோன்றும். இணையத்தில் YF-S201 என்று தேடினால் கிடைக்கும் மலிவான உணரியைப் பலர் வாங்குகிறார்கள். அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரையிலான ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டது. ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் தேய்ந்து நிமிடத்துக்கு 200 மில்லி கசிகிறது என்றால் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் அசையாமலே கிடக்கலாம். ஆனால் அந்தக் கசிவு ஒரு நாளைக்கு 288 லிட்டர். உணரி பூஜ்யம் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இந்த வீட்டுக்கு நீர்மட்டத்தை அளப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. 1.1 மீட்டர் விட்டமுள்ள 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்றால் சுமார் ஒன்பதரை லிட்டர். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மோட்டார் போடாமல் இருந்தால், அதே ஃபிளஷ் கசிவு ஆறு மணி நேரத்தில் 72 லிட்டரைக் கொண்டுபோய்விடும். மட்டம் ஏழரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ராத்திரி ஒருவர் எழுந்து கழிப்பறை போனால் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். ஆகவே 'இந்த ஆறு மணி நேரத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் மெசேஜ்' என்று வைத்தால், இரண்டு மூன்று முறை எழுந்ததைக் கசிவு என்று தப்பாகச் சொல்லாது.

தொட்டி மூடியில் பொருத்தும் மீயொலி உணரிக்கு ஒரு குறை உண்டு. தனக்கு மிக அருகில், சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் தண்ணீரைப் பலவற்றால் சரியாக அளக்க முடியாது. தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் தப்பான எண் காட்டும். மூடியில் படியும் நீராவித் துளிகளும் குழப்பும். ஒரு இரவு மட்டும் வந்த மெசேஜைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடர்ந்து மூன்று இரவு வந்தால் தேட ஆரம்பியுங்கள்.

தேடுவதற்குக் கருவி வேண்டாம். ராத்திரி தொட்டியின் வெளியேறும் வால்வை மூடிவிட்டுப் படுங்கள். காலையில் மட்டம் இறங்காமல் இருந்தால் கசிவு வீட்டுக்குள்ளே. அப்போதும் இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்வுக்கு முந்தைய இணைப்பிலோ பாருங்கள். வீட்டுக்குள் என்றால் முதலில் ஃபிளஷ் தொட்டிதான். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு துளி அதில் விட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விடுங்கள். கீழே கிண்ணத்துத் தண்ணீர் நீலமாகியிருந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

உணரி வாங்கும் யோசனை இல்லாதவர்கள் ஒரு நேரான குச்சியில் சென்டிமீட்டர் குறித்து, ராத்திரியும் காலையும் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தாலும் இதே எண் கிடைக்கும். ஒரே இடத்தில், நேராக விட்டு அளந்தால் போதும். செல்போனில் மெசேஜ் மட்டும் வராது, அவ்வளவுதான்.