“உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது”

இந்த வார எபிசோட்ல ‘என் லேப்டாப்ல சரியா ஓடுதே’ன்னு சொல்ற ஆட்களைப் பத்தி கதைச்சோம். அந்த வாக்கியத்துக்குள்ள ஒரு பெரிய தர்க்கப் பிழை ஒளிஞ்சிருக்கு. அதுக்கு இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம், போஸ்ட் ஆபீஸ்.

ஹவுன்ஸ்லோ கடைத்தெருவுல, நம்ம ஆக்கள் நடத்துற கடைக்குள்ள போஸ்ட் ஆபீஸ் கவுன்டர் பார்த்திருப்பீங்க. 1999இலிருந்து அங்கெல்லாம் ‘ஹொரைசன்’ங்கிற கணக்கு மென்பொருள் வந்தது. திடீர்னு சில கிளைகள்ல காசு குறையுதுன்னு அது காட்டிச்சு. சர்ரேயில் வெஸ்ட் பைஃப்ளீட் கிளையை நடத்திய சீமா மிஸ்ராவை, சுமார் 74,000 பவுண்ட் திருடியதாகக் குற்றவாளி என்றார்கள். 2010இல், கர்ப்பிணியா இருந்தபோதே சிறைக்குப் போனார். 2021இல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

உதவிக்கு போன் பண்ணின பலருக்கும் கிடைச்ச பதில்: “வேற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.” இதுல ரெண்டு பிழை இருக்கு.

முதல் பிழை: ‘பெரும்பாலும் சரி’ங்கிறதை ‘இந்த இடத்துலயும் சரி’ன்னு எடுத்துக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 10,000 கிளைகள், வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 30 லட்சம் நாள்-கணக்குகள். லட்சத்துல ஒண்ணு மட்டும் பிழைன்னு வைங்க. அப்பவும் வருஷத்துக்கு 30 கிளைகள்ல தப்பான கணக்கு வரும். ‘99.999 சதவீதம் சரி’ங்கிறது அந்த 30 பேருக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ரெண்டாவது பிழை: முறைப்பாடு ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஒதுக்கிவிட்டு, ‘முறைப்பாடே இல்லை’ங்கிறது. எண்ணாத ஒண்ணை ‘இல்லை’ன்னு சொல்ல முடியாது. 2019இல் உயர்நீதிமன்றம், ஹொரைசன்ல பிழைகள் இருந்தன, கிளைக் கணக்கை ஃபுஜிட்சு ஊழியர்களால் தூரத்திலிருந்தே மாத்த முடிந்தது என்று தீர்ப்பளித்தது.

உங்க ஆபீஸ்ல “வேற டீம் யாரும் சொல்லலையே”ன்னு யாராவது சொன்னா, சண்டை போடாம மூணு கேள்வி கேளுங்க:

1. பிழை உண்மையா இருந்தா, எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க? நூறுல ஒருத்தருக்கு வர்ற பிழைன்னா, பத்துப் பேர் மௌனம் எதையும் காட்டாது.
2. அந்த முறைப்பாடுகளை ஒரே இடத்துல யார் எண்ணினது?
3. என்ன காட்டினா, சிஸ்டம்தான் தப்புன்னு ஒத்துக்குவீங்க?

மூணாவதுக்கு “எதுவுமே இல்லை”ன்னு பதில் வந்தா, அது வாதமே இல்லை. முடிவு முன்னாடியே எடுத்தாச்சு.

ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு குறையும் மென்பொருள் பிழை ஆகாது. மனுசர் தப்பும் உண்டு, சிலவேளை திருட்டும் உண்டு. மூணையும் பிரிச்சுக் காட்டுற பதிவு கையில இருக்கா, அதுதான் விஷயம்.

அடுத்த தடவை உங்க கோட்ல பக் இருக்குன்னு யாராவது சொன்னா, இதே மூணு கேள்வியையும் முதல்ல உங்களையே கேட்டுப் பாருங்க.