பணிவு வேறு, மழுப்பல் வேறு

‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’, ‘வில்’லுக்கு ‘வுட்’, ‘மே’க்கு ‘மைட்’ என்று பள்ளியில் அட்டவணை போட்டுப் படித்தோம். அந்த அட்டவணையோடு அலுவலகத்துக்கு வந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத உட்காரும்போது, இந்த மூன்று சொற்களைப் பற்றிய சில நம்பிக்கைகளும் கூடவே வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: நாளை நடக்க வேண்டியதைக் கேட்கும்போது ‘குட் யூ’ என்பது இலக்கணப் பிழை.

பிழையில்லை. இறந்தகால வடிவத்தை ஆங்கிலம் கடந்துபோனதைச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு விஷயத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பேசவும் அதையே எடுக்கிறது. இப்போது கேட்கிறவரும் ‘ஐ வாண்டட் டு ஆஸ்க்’ என்பார். ‘குட் யூ’ என்றால், முடியாது என்று சொல்லவும் எதிராளிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘கேன் யூ’ போதும், அது மரியாதைக் குறைவு ஆகாது.

நம்பிக்கை: ‘ப்ளீஸ்’ போட்டால் போதும், ‘கைண்ட்லி’ போட்டால் இன்னும் மரியாதை.

தமிழில் ‘அனுப்புங்க’ என்றாலே மரியாதை வந்துவிடுகிறது. ஏவல் வினையின் வாலிலேயே அது ஒட்டியிருக்கிறது. ஆங்கில ஏவலுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. ‘ப்ளீஸ் சென்ட் த ஃபைல்’ என்பதை லண்டனில் இருப்பவர் மரியாதையான உத்தரவாகத்தான் படிப்பார். ‘கைண்ட்லி’யும் அதை மாற்றாது, நோட்டீஸ் வாசனையைத்தான் கூட்டும். பணிவைப் பற்றிப் பெயர்பெற்ற ஆய்வு நூலை எழுதிய பெனலோபி பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் ஒப்பிட எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் ட்ஸெல்டாலோடும் தமிழும் ஒன்று. கோவை மாவட்டத்துக் கிராமப் பேச்சு அந்த 1987 நூலில் இருக்கிறது. எதிராளிக்குச் சுமை தருகிற எதையும் பூசித்தான் கேட்க வேண்டும் என்பது மூன்று மொழிக்கும் பொது. பூசுகிற இடம்தான் வேறு. தமிழில் விகுதியிலும் ‘கொஞ்சம்’ போன்ற சொல்லிலும் பூசுகிறோம், ஆங்கிலம் கேள்வியாக்கிப் பூசுகிறது.

எதிராளிக்கே நன்மை என்றால் பூச்சு தேவையில்லை. ஜெஃப்ரி லீச் 1983-ல் இதை விளக்கியிருக்கிறார். ‘ஹேவ் சம் மோர் டீ’ என்று நேரடியாகச் சொல்வதுதான் உபசாரம். அங்கே ‘குட் யூ’ போட்டால், டீ குடித்து நீங்கள் எனக்கு உதவ வேண்டும் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

நம்பிக்கை: வாக்கியம் எவ்வளவு சுற்றி வருகிறதோ அவ்வளவு பணிவு, ஆனால் பணிந்தால் வேலை நடக்காது.

இந்த நம்பிக்கைக்கு இரண்டு பாதி, இரண்டும் தவறு. மேலோட்டமாகச் சொன்னால் விளங்காது என்பதால் திருப்பூரிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர், லண்டனிலுள்ள பையருக்கு லேப் டிப் அனுப்பியிருக்கிறார். கேட்ட நிறத்தைச் சின்னச் சின்னத் துணித்துண்டுகளில் ஏற்றி, சற்றே வேறுபட்ட மூன்று சாயல்களை ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி அனுப்புவதுதான் லேப் டிப். பையர் அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் மொத்தத் துணியும் சாயப்பட்டறைக்குப் போகும். பதில் வரவில்லை. பட்டறையில் வியாழன் காலைக்கு இடம் பிடித்திருக்கிறது. நினைவூட்டி எழுத வேண்டும்.

‘கைண்ட்லி அப்ரூவ் அட் த எர்லியஸ்ட்’ என்றுதான் பலரும் எழுதுவார்கள். அது அதட்டுகிறது, அதே சமயம் எப்போதைக்குள் என்றும் சொல்லவில்லை. பணிவாக எழுத நினைக்கிறவர் எதிர்ப்பக்கம் சாய்வார்: ‘ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் இட் மைட் பி பாசிபிள் ஃபார் த லேப் டிப்ஸ் டு பி லுக்டு அட் வென்எவர் கன்வீனியன்ட்.’ லேப் டிப்புகள் பார்க்கப்பட வாய்ப்பிருக்குமோ என்று யோசித்தேன், வசதிப்படும்போது. யார் பார்க்க வேண்டும்? சொல்லவில்லை. பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்? சொல்லவில்லை. எதற்குள்? அதுவும் இல்லை. இதைப் படிக்கிற பையர் ‘சரி, பார்க்கலாம்’ என்று அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விட்டால் அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தில் பழி ‘மைட்’மேல் விழும், ஆனால் அதைக் கெடுத்தது ஆளும் செயலும் நாளும் காணாமல் போனதுதான். ‘மைட்’டை எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் வாக்கியம் இதே அளவுக்கு வெற்றாகத்தான் இருக்கும்.

இப்படி எழுதலாம்: ‘குட் யூ லெட் அஸ் நோ பை நூன் லண்டன் டைம் ஆன் வெட்னஸ்டே வெதர் ஆப்ஷன் பி இஸ் அப்ரூவ்டு? அவர் டையிங் ஸ்லாட் இஸ் தர்ஸ்டே மார்னிங். த நெக்ஸ்ட் ஒன் இஸ் எ வீக் லேட்டர்.’ பி சரியா என்று புதன் மதியம் லண்டன் நேரம் 12 மணிக்குள் சொல்ல முடியுமா, எங்கள் சாய முறை வியாழன் காலை, அது போனால் அடுத்தது ஒரு வாரம் கழித்து.

குழைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு சொல்லில் மட்டும். அதற்குப் பிறகு வருகிற நாள், நேரம், துண்டின் பெயர், பட்டறை முறை எதிலும் ‘மைட்’டோ ‘பெர்ஹாப்ஸ்’ஸோ ஒட்டவில்லை. கேட்கிற வினையில் ஒரு பூச்சு, மற்றதெல்லாம் பச்சையாக. என் பார்வையில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான். ‘அப்ரூவ் பண்ணுங்கள்’ என்று கேட்காமல் ‘சரியா என்று சொல்லுங்கள்’ என்று கேட்டிருப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்றால் இல்லை என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்கிறது. நமக்கு வேண்டியதும் புதன்கிழமைக்குள் ஒரு முடிவுதான். லண்டன் நேரம் என்று குறித்ததும் வீணில்லை. அங்கே மதியம் 12 என்றால் இங்கே கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. ‘பை வெட்னஸ்டே’ என்று மட்டும் விட்டால் பதில் இங்கே நள்ளிரவை ஒட்டி வந்து சேரலாம்.

சுற்றினால் பணிவு கூடும் என்ற முதல் பாதியை ஷோஷானா ப்ளம்-குல்காவின் 1987 ஆய்வு நேராகவே சோதித்திருக்கிறது. ஆங்கிலம், ஹீப்ரு இரண்டிலும் வேண்டுகோள்களை மக்களிடம் கொடுத்து எது பணிவு, எது மறைமுகம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். மிக மறைமுகமாக இருந்தது ஜாடைப் பேச்சு. ஆனால் பணிவில் முதலிடம் அதற்குக் கிடைக்கவில்லை, ‘குட் யூ’ வகைக் கேள்விகளுக்கே கிடைத்தது. என்ன கேட்கிறார் என்று எதிராளியை ஊகிக்க விடுவதும் ஒரு சுமைதானே.

நம்பிக்கை: ‘வில்’லை விட ‘வுட்’ பணிவு, எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

வேண்டுகோளில் போடலாம், வாக்குறுதியில் கூடாது. இந்தியர்கள் எழுதுகிற ஆங்கிலத்தில் இது மிகப் பரவலான வழக்கம். அதே மெர்ச்சண்டைசர் ‘வி வுட் ஷிப் ஆன் த ட்வென்டி-எய்த்’ என்று எழுதுகிறார். 28-ம் தேதி அனுப்பிவிடுவோம் என்பதை அடக்கமாகச் சொன்னதாக அவர் எண்ணம். பையர் படிப்பதோ, ‘அனுப்புவோம், ஆனால்...’ என்று. என்ன நிபந்தனை என்று அடுத்த வரியில் தேடுகிறார், அது இல்லை. ‘வி வில் ஷிப்’ என்று எழுதியிருந்தால் இந்தத் தேடலே வந்திருக்காது. நிபந்தனை உண்மையிலேயே இருந்தால் அதை எழுதிவிட வேண்டும்.

‘குட்’டிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. நேற்றுத் தையல் முடிந்தது என்று சொல்ல ‘வி குட் ஃபினிஷ் த ஸ்டிச்சிங்’ என்று எழுதினால், முடிக்க வாய்ப்பிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ஒரே ஒரு தடவை நடந்து முடிந்த வேலைக்கு ஆங்கிலம் ‘வி ஃபினிஷ்டு’ அல்லது ‘வி மேனேஜ்டு டு ஃபினிஷ்’ என்றே சொல்லும். நல்ல செய்தியைச் சொல்லியும் பையர் ‘வென்?’ என்று ஒற்றைச் சொல்லில் திருப்பிக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொரு இடம் ‘வுட் யூ மைண்ட்’. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்பது அதன் கேள்வி. ‘யெஸ்’ என்றால் ஆட்சேபணை உண்டு என்றாகும். உதவ மனமுள்ளவர் ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார். குரலையும் கவனிக்க வேண்டும்: ‘வுட் யூ’ விருப்பத்தைக் கேட்பதால், கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ‘செய்வீர்களா மாட்டீர்களா’ என்ற எரிச்சலாகிவிடும். ‘குட் யூ’ முடியுமா என்று கேட்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆகவே ‘வுட்’ எப்போதும் ஒரு படி மேல் என்ற ஏணிக் கணக்கு நிற்காது.

நம்பிக்கை: ‘மைட்’ என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

‘மைட் யூ சென்ட்’ என்று இன்று யாரும் சாதாரணமாகக் கேட்பதில்லை. ‘மைட் ஐ ஆஸ்க்’ உண்டு, கொஞ்சம் விறைப்பானது. ‘யூ மைட் ஹேவ் டோல்டு மீ’ என்பது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்ற குறை. உண்மையில் ஆளை ஏமாற்றுவது ‘யூ மைட் வாண்ட் டு’. பிரிட்டிஷ் மேலாளரோ பையரோ ‘யூ மைட் வாண்ட் டு செக் தி இன்வாய்ஸ் டோட்டல்’ என்று எழுதினால், விரும்பினால் பார்க்கலாம் என்று நம்மவர் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார். எழுதியவர் பெரும்பாலும் அந்தக் கூட்டலில் தவறைப் பார்த்துவிட்டு, அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்று இப்படி எழுதியிருப்பார். இதற்கு ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று பதில் போடுவதற்கு முன்னால் இன்வாய்ஸைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் அளவு பெருக்கல் விலை என்று மறுபடி கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.