நாய்க்குட்டிக்கு ஊசி எப்போ, பூச்சி மருந்து எப்போ? உங்கள் ஃபோனே ஞாபகப்படுத்தட்டும்

கால்நடை மருத்துவமனையில் அடிக்கடி காதில் விழும் பதில் இது: “போன தடவை எப்போ போட்டோம்னு சரியா தெரியல டாக்டர், ஒரு மாசம் இருக்கும்.” நாய்க்குட்டி விஷயத்தில் ‘ஒரு மாசம் இருக்கும்’ என்ற கணக்கு போதாது. முதல் நான்கு மாதங்களில் போடும் ஊசிகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை. ஒன்று தள்ளிப்போனால் அடுத்ததும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில்தான் பார்வோ போன்ற நோய்கள் குட்டியைப் பிடிக்கும்.

இந்தத் தேதிகளை எப்படிக் கணக்கிடுவது, ஃபோனில் எப்படி ஏற்றுவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, வேளச்சேரியில் ஒரு குடும்பம் தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்து வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் மணி. பிறந்தது ஜூன் 1. வீட்டுக்கு வந்தது ஜூலை 16, அதாவது 45-வது நாள்.

ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்?

“அதே ஊசியைத்தானே போன மாசமும் போட்டாங்க?” என்று பலரும் கேட்பார்கள். காரணம் தாய்ப்பால். பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. அது சில வாரங்கள் குட்டியைக் காப்பாற்றும். ஆனால், அதே சக்தி தடுப்பூசி மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு 8 வாரத்தில் தீரலாம், இன்னொன்றுக்கு 14 வாரம்கூட ஆகலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போடுகிறார்கள். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி ஊசியைத்தான். குட்டி நன்றாக ஓடி விளையாடும், ‘இனி எதற்கு’ என்று விட்டுவிடுவார்கள்.

ரேபிஸ் ஊசி தனி. அதை 3 மாதம் முடிந்த பிறகு போடுவார்கள். முதல் ரேபிஸ் ஊசி முழுப் பலன் தர சுமார் 28 நாள் ஆகும். போட்ட மறுநாளே குட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

மணியின் தடுப்பூசித் தேதிகள்

மருத்துவர் 4 வார இடைவெளி சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். 4 வாரம் என்றால் 28 நாள். ஆகவே எல்லா ஊசியும் ஒரே கிழமையில் வரும். முதல் ஊசி வியாழன் என்றால் எல்லாமே வியாழன்தான்.

- ஜூலை 16: கூட்டுத் தடுப்பூசி, முதல் முறை
- ஆகஸ்ட் 13: கூட்டுத் தடுப்பூசி, இரண்டாம் முறை
- செப்டம்பர் 10: கூட்டுத் தடுப்பூசி மூன்றாம் முறை, முதல் ரேபிஸ் ஊசி
- அக்டோபர் 8: கூட்டுத் தடுப்பூசியின் கடைசி முறை (18 வாரம் தாண்டிவிட்டது), ரேபிஸ் பூஸ்டர்
- அடுத்த ஆண்டு அக்டோபர் 8: வருடாந்திர ஊசியும் முழுப் பரிசோதனையும்

உங்கள் மருத்துவர் 3 வார இடைவெளியும் சொல்லலாம், ஊசிகளின் எண்ணிக்கையும் மாறலாம். அட்டையில் அவர் எழுதிய தேதிதான் இறுதி. மேலே உள்ளது கணக்கைப் புரிந்துகொள்வதற்கான மாதிரி மட்டுமே.

ஃபோனில் ஏற்றும் முறை

கூகுள் காலண்டர் செயலியைத் திறந்து, `+` குறியைத் தொட்டு, `Event` என்பதைத் தேர்வு செய்யுங்கள். தலைப்பில் வெறுமனே ‘மணி ஊசி’ என்று போடாதீங்க. ‘மணி: 2-வது கூட்டு ஊசி, அட்டை எடுத்துப் போகணும்’ என்று முழுதாக எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அது எந்த ஊசி என்ற சந்தேகமே வராது.

`All-day` என்பதை அணைத்துவிட்டு, காலை 7 மணி போல ஒரு நேரம் கொடுங்கள். பிறகு `Add notification` வழியாக இரண்டு நினைவூட்டல் வையுங்கள்: ஒன்று 3 நாள் முன்பு, இன்னொன்று அன்று காலை. ஆட்டோ சொல்லவும், அலுவலகத்தில் அனுமதி கேட்கவும் முதல் நினைவூட்டல் உதவும்.

இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. குட்டிப் பருவ ஊசிகளுக்கு ‘திரும்பத் திரும்ப’ என்ற அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு ஊசி போட்டு வந்த அன்றே அடுத்த தேதியை மட்டும் ஏற்றுங்கள். ஏனென்றால், இடைவெளியை எண்ணுவது போட வேண்டிய நாளிலிருந்து அல்ல, உண்மையில் போட்ட நாளிலிருந்து. மணிக்கு லேசான காய்ச்சல், ஆகஸ்ட் 13-க்குப் பதில் ஆகஸ்ட் 20-ல்தான் இரண்டாவது ஊசி போட்டார்கள் என்றால், மூன்றாவது செப்டம்பர் 17. முன்கூட்டியே எல்லாவற்றையும் ஏற்றியிருந்தால் ஃபோன் பழைய தேதியையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் தாமதமானால் பயப்பட வேண்டாம், உடனே போய்ப் போட்டுவிடுங்கள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே 6 வாரத்துக்கு மேல் போய்விட்டால் கூடுதலாக ஒரு ஊசி தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பூச்சி மருந்து: தேதியோடு எடையும் வேண்டும்

உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றிலிருக்கும்போதும், பால் வழியாகவும் குட்டிக்கு வந்துவிடும். ‘வீட்டுக்குள்ளேயேதான் இருக்கு, பூச்சி எப்படி வரும்?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். பொதுவாக 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். மணிக்கு இது ஜூலை 16, ஜூலை 30, பிறகு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி, அடுத்து பிப்ரவரி 27 என்று வரும்.

இதற்குத் ‘திரும்பத் திரும்ப’ அமைப்பைப் பயன்படுத்தலாம். `Does not repeat` என்பதைத் தொட்டு, `Custom` போய், 6 மாதத்துக்குப் பிறகு ‘3 மாதத்துக்கு ஒரு முறை’ என்று வைத்துவிடுங்கள். ஆனால், தலைப்பு ‘மணி: எடை பார், பிறகு பூச்சி மருந்து’ என்று இருக்கட்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மணி ஜூலையில் 2.5 கிலோ, நவம்பரில் 10 கிலோ என்றால், ஜூலையில் கொடுத்த அதே அளவை நவம்பரில் கொடுப்பது தேவையில் கால் பங்குதான். தேதி தவறவில்லை, ஆனாலும் புழு போகாது. வீட்டில் எடை பார்ப்பது சுலபம்: நீங்கள் மட்டும் எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் குட்டியின் எடை. அதைக் காலண்டர் குறிப்பிலேயே எழுதி வைத்து, மருத்துவரிடம் சொல்லி அளவு கேளுங்கள்.

குட்டி எடை கூடாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தாலோ, மலத்தில் நூல் போலவோ அரிசி போலவோ தெரிந்தாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டு அலாரம்

2 முதல் 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன்பின் 2 வேளை என்பது வழக்கம். இதற்குக் காலண்டர் வேண்டாம், ஃபோனின் கடிகாரத்திலேயே அலாரம் வைத்தால் போதும். வேளை மாறும் நாட்களை மட்டும் காலண்டரில் ஏற்றுங்கள். மணிக்கு அவை செப்டம்பர் 1, டிசம்பர் 1.

கூட்டுக் குடும்பத்தில் வேறு சிக்கல் வரும். பாட்டி ஒரு தடவை, பள்ளியிலிருந்து வந்த பேத்தி ஒரு தடவை என்று இரண்டு முறை வைத்துவிடுவார்கள். யார் வைத்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘வெச்சாச்சு’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். இதில் இன்னொரு பயனும் உண்டு. குட்டி தொடர்ந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதோடு வாந்தி, நாற்றமடிக்கும் பேதி, அதில் ரத்தம் என்று இருந்தால் பார்வோவாக இருக்கலாம். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்

அக்டோபர் 8-ஐ ஆண்டுதோறும் திரும்பும்படி வையுங்கள். அன்று ஊசி போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எடை, பல், காது, தோல், இதயத் துடிப்பு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி அதிகம் என்றால் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் நாய் சோர்ந்து போகும், ஈறு வெளுக்கும். வீட்டில் இருமல், நொண்டல் எதையாவது கவனித்திருந்தால் ஃபோனில் வீடியோ எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் நாய் அதைச் செய்துகாட்டாது.

சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். உரிமமும் ஓராண்டுக்குத்தான். அதனால் வருடாந்திர ஊசியை ஒட்டியே ‘உரிமம் புதுப்பிக்க’ என்று இன்னொரு நினைவூட்டலும் வைத்துக்கொள்ளலாம்.

நினைவூட்டல் ஏன் வராமல் போகிறது?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, பேட்டரி சேமிப்பு அமைப்பு காலண்டர் செயலியை முடக்கியிருக்கும். இரண்டு, நிகழ்வை ஜிமெயில் கணக்கில் சேமிக்காமல் ஃபோனிலேயே சேமித்திருப்பீர்கள், ஃபோன் மாற்றியதும் போய்விடும். மூன்று, நினைவூட்டல் ஒருவர் ஃபோனில் மட்டும் இருக்கும், அவர் அன்று வெளியூரில் இருப்பார். நிகழ்வைச் சேர்க்கும்போதே வீட்டில் இன்னொருவரின் ஜிமெயில் முகவரியையும் சேர்த்தால் அவருக்கும் தெரியும்.

ஒவ்வொரு முறையும் தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து வையுங்கள். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். அட்டை தொலைந்தாலும் இந்தப் படம் கைகொடுக்கும்.

கடைசியாக, தேதிகள் எல்லாம் சரியாக இருந்தாலும், நாய் கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘நம்ம மணிதானே, ஊசி போட்டிருக்கே’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அட்டையின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.