கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா?



வேலையில் விபத்துப் பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்போரில் சிலர், டாக்டர் இன்னும் இருக்கச் சொல்லியும், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை ஏ.ஓ.ஆர். என்பார்கள். அதாவது, 'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்று எழுதிக் கொடுப்பது. அதனால் சொக்சோ பணம் எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதை ஒரு பாம்புக்கடியை வைத்துப் பார்ப்போம்.

நம் கெடாத் தோட்டங்களில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும் 'காப்பாக் போடோ' என்ற விரியனை உங்களுக்குத் தெரியும். இது கடித்தால் கால் வீங்கும். அதைவிட ஆபத்து, இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடுவது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் வார்டில் கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் உறையவில்லை என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகும் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடித்த இடத்தில் தங்கிய விஷம் மெல்ல மெல்ல உடம்பில் இறங்கும். ஒரு தடவை சரியான இரத்தம் மறுபடியும் கெடலாம். மருந்து ஏற்றாதவர்களுக்கு இந்தக் கோளாறு வாரக் கணக்கில்கூட நீடிக்கும். 1960களில் பினாங்கு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட் இந்தப் பாம்புக்கடியை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இப்போது கணக்குக்கு வருவோம். சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒருவரைத் திங்கட்கிழமை காலையில், வேலை நேரத்தில் பாம்பு கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சராசரி நாள் சம்பளம் 60 வெள்ளி. சொக்சோவின் தற்காலிக ஊன உதவி அதில் 80 விழுக்காடு, அதாவது நாளுக்கு 48 வெள்ளி. ஆனால் விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாளுக்கு டாக்டரின் எம்.சி. இருக்க வேண்டும். சம்பளம் வாங்கிய நாளுக்கு இந்த உதவி கிடையாது. டாக்டர் சொன்னபடி இருந்து, சம்பளம் இல்லாத 14 நாளுக்கு எம்.சி. வாங்கியிருந்தால் 672 வெள்ளி வந்திருக்கும்.

அவரோ புதன்கிழமை, "வீக்கம் வத்திப்போச்சு, வீட்ல பிள்ளைங்க தனியா இருக்கு" என்று ஏ.ஓ.ஆர். போட்டுக் கிளம்பிவிட்டார். கையில் இருப்பது மூன்று நாள் எம்.சி. திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால் அந்த உதவியில் ஒரு காசும் வராது. அந்த மூன்று நாளுக்கு முதலாளியிடம் மருத்துவ விடுப்புச் சம்பளம் கேட்கலாம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஈறில் இரத்தம் கசிந்து மறுபடி வார்டில் சேர்கிறார். வியாழன், வெள்ளி இரண்டு நாளுக்கும் தாள் இல்லை. 96 வெள்ளி போய்விட்டது. புது எம்.சி.யில் 'இரத்தக் கசிவு' என்று மட்டும் எழுதியிருந்தால், இது எந்த விபத்தால் வந்தது என்ற கேள்வி வரும். அது பழைய பாம்புக்கடியின் தொடர்ச்சி என்று எழுதி வாங்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: கெடுதல் பாம்பால் வந்ததா, பாதியில் கிளம்பியதால் வந்ததா? இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 11ஆம் பிரிவில் இதற்கு ஒரு விதி வைத்திருந்தது. தொழிலாளி நியாயமான காரணமின்றி வைத்தியத்தை ஒதுக்கி, அதனால் காயம் மோசமானது என்று நிரூபணமானால், ஒழுங்காக வைத்தியம் பார்த்திருந்தால் எவ்வளவு ஊனம் இருந்திருக்குமோ அதற்குத்தான் பணம். காரணம் நியாயமா, அதனால்தான் மோசமானதா என்ற இரண்டையும் அந்தச் சட்டம் பார்த்தது. ஆகவே நீங்கள் ஏன் கிளம்பினீர்கள் என்பது வார்டுப் பதிவில் இருப்பது நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். ஏ.ஓ.ஆர். தாள் ஆஸ்பத்திரியின் பொறுப்பைப் பற்றியது. அதில் கையெழுத்துப் போட்டதால் வேலை விபத்து இல்லையென்று ஆகிவிடாது. "கையெழுத்துப் போட்டாச்சு, இனி எந்த மூஞ்சியோட போறது?" என்று வீட்டிலேயே இருப்பதுதான் பெரிய நஷ்டம். ஈறில் இரத்தம், சிறுநீர் சிவப்பு, கறுப்பு மலம், கடுமையான தலைவலி எது வந்தாலும் உடனே திரும்பிப் போங்கள்.

வீட்டில் உண்மையாகவே நெருக்கடி என்றால், பேனாவை எடுக்கும் முன் டாக்டரிடமோ ஆஸ்பத்திரி சமூகநல அதிகாரியிடமோ சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்படியும் போகத்தான் வேண்டுமென்றால், எம்.சி., அடுத்த தேதி எழுதிய அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தெரிவித்தாரா என்று தோட்ட ஆபீசில் கிராணியிடம் அன்றைக்கே விசாரித்து வையுங்கள்.