நம்பிக்கைகளும் உண்மைகளும்: 404 சொன்னால் மறைந்துவிடுமா?

பாலவாக்கத்தில் கடற்கரைப் பக்க அடுக்குமாடி வாசல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூரியர்க்காரர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ஒரு வாட்ச்மேன், “இருக்காங்க, ஆனா மேல விட மாட்டேன்” என்கிறார். இன்னொருவர், “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று பேச்சை முடித்துவிடுகிறார். இணைய சர்வர்களும் இப்படித்தான். முதல் பதிலுக்கு 403 என்று எண், இரண்டாவதற்கு 404. அனுமதி இல்லாதவரிடம் 403 சொன்னால் அந்தப் பொருள் இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே 404 சொல்வதே பாதுகாப்பு என்பது ஓஎம்ஆர் பக்கத்து ஆபீஸ்களிலும் மற்ற ஊர்களிலும் கேள்வி கேட்காமல் பின்பற்றப்படும் நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. எச்டிடிபி தரநிலையே இதற்கு இடம் தருகிறது: 1999-இல் வந்த RFC 2616-லும், 2022 ஜூனில் வந்த RFC 9110-லும், இருப்பதை மறைக்க விரும்பும் சர்வர் 403-க்குப் பதில் 404 அனுப்பலாம் என்று இருக்கிறது. ‘அனுப்பலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘அனுப்ப வேண்டும்’ என்று இல்லை. அந்தச் சலுகை எப்படியோ விதியாகிவிட்டது.

முதலில், 404 சொன்னாலே மறைந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வைத்திருக்கும் என்பிஎம், ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட பேக்கேஜை வெளியாள் கேட்டால் 404 தரும். இல்லாத பேக்கேஜைக் கேட்டாலும் அதே 404. எழுத்தளவில் இரண்டு பதிலும் ஒன்றுதான். ஆனால் 2022 அக்டோபரில் அக்வா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் கடிகாரத்தை வைத்து அளந்தார்கள். ஒரே பெயரை ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டபோது, இல்லாத பேக்கேஜுக்கான 404 சராசரியாக 101 மில்லிசெகண்டில் வந்தது; இருந்தும் மறைக்கப்பட்ட பேக்கேஜுக்கான 404 வர 648 மில்லிசெகண்ட் ஆனது. தேடிப் பார்த்து, கண்டுபிடித்து, அனுமதி சரிபார்த்து, பிறகு ‘இல்லை’ என்று சொல்ல நேரம் பிடிக்கிறது. வாட்ச்மேன் உள்ளே போய் லெட்ஜரைப் புரட்டிவிட்டு வந்து “யாரும் இல்லீங்க” என்றால் கூரியர்க்காரருக்குப் புரியாதா? இது வெறும் வேடிக்கை இல்லை. உள்ளே புழங்கும் பேக்கேஜின் பெயர் தெரிந்தால், அதே போன்ற பெயரில் நச்சு பேக்கேஜ் ஒன்றைப் பொதுவெளியில் போட்டு, ஊழியர் யாராவது தவறி இறக்குவாரா என்று காத்திருக்கலாம். என்பிஎம்மை நடத்தும் கிட்ஹப், தன் அமைப்பின் கட்டுமானம் காரணமாக இதைத் தடுக்க முடியாது என்று பதில் சொன்னது.

ஆகவே மறைப்பது 404 என்ற எண் இல்லை. ‘இருக்கிறது, உனக்கில்லை’, ‘இல்லவே இல்லை’ என்ற இரண்டு நிலைக்கும் ஒரே பதில் வருகிறதா என்பதுதான் மறைக்கிறது. இதற்குச் சான்று எதிர்ப்பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில், பக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கும் `s3:ListBucket` அனுமதி இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால் 404 வராது, 403 வரும். கோப்பைப் படிக்கும் அனுமதியும் அவருக்கு இல்லையென்றால், இருக்கும் கோப்புக்கும் 403, இல்லாத கோப்புக்கும் 403, எதுவும் கசியவில்லை. கூகுள் தன் ஏபிஐ வடிவமைப்பாளர்களுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டுதலும் இதே பக்கம்தான்: பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே அனுமதியைச் சரிபார், அனுமதி இல்லையென்றால், பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 403 சொல். மறைக்க 404-தான் வழி என்பது, இந்த இரண்டையும் பார்த்த பிறகு நிற்காது.

அடுத்த நம்பிக்கை, மறைப்பதால் வரும் செலவு அற்பமானது என்பது. “யாரோ ஒரு டெவலப்பர் பத்து நிமிஷம் குழம்புவார், அவ்வளவுதானே?” அவ்வளவு மட்டும் இல்லை. கிட்ஹப்பையே எடுத்துக்கொள்வோம், தனிப்பட்ட ரெப்போக்கள் இருப்பதை உறுதிப்படுத்தாமல் இருக்கவே 403-க்குப் பதில் 404 தருகிறோம் என்று அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. நேற்று வரை ஓடிய பில்ட் இன்று காலை நின்றுவிட்டது, லாகில் `Repository not found` என்ற ஒரே வரி என்று வைத்துக்கொள்வோம். காரணம் எழுத்துப்பிழையாக இருக்கலாம். ரெப்போவை யாராவது அழித்திருக்கலாம். டோக்கனுக்கு `repo` என்ற ஸ்கோப் இல்லாமல் இருக்கலாம். டோக்கனின் சொந்தக்காரர் டீமிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். புதுவகை டோக்கனுக்கு நிறுவன நிர்வாகியின் ஒப்புதல் இன்னும் வராமல் இருக்கலாம். அல்லது, அடிக்கடி நடப்பது இது: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாகத் தரும் `GITHUB_TOKEN` தன் ரெப்போவுக்குள் மட்டுமே செல்லும், பக்கத்து தனிப்பட்ட ரெப்போவை இழுக்கப் போனால் அதற்கு அது ‘இல்லை’. இத்தனைக்கும் ஒரே வாக்கியம். மனித மனமோ எழுதியிருப்பதை நம்பும். ‘இல்லை’ என்று படித்தவர் முதல் ஒரு மணி நேரம் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்.

இதைப் பிரித்தறிய ஒரு வரிசை உண்டு. அதே டோக்கனோடு, யாருக்கும் மறைக்கப்படாத ஒரு முகவரியை முதலில் கேட்க வேண்டும்:

```
curl -i -H "Authorization: Bearer $TOKEN" https://api.github.com/user
```

401 வந்தால் டோக்கனே செத்துவிட்டது. 200 வந்தால் டோக்கன் உயிரோடு இருக்கிறது. பழைய வகை டோக்கன் என்றால் `X-OAuth-Scopes` என்ற ஹெடரில் அதன் அதிகாரங்கள் வரிசையாக இருக்கும். அதில் `repo` இல்லையென்றால் விஷயம் முடிந்தது. இருந்தால், நிச்சயமாக அனுமதியுள்ள ஒருவரின் டோக்கனை வைத்து அதே ரெப்போ முகவரியைக் கேட்க வேண்டும். அவருக்கு 200, நமக்கு 404 என்றால் சிக்கல் அனுமதியில். இருவருக்கும் 404 என்றால் சிக்கல் பெயரில், அல்லது ரெப்போவே அழிக்கப்பட்டிருக்கிறது. (பில்டுக்குள் மட்டும் வாழும் `GITHUB_TOKEN` இந்த முதல் சோதனைக்கு உதவாது, அது எந்தப் பயனருக்கும் உரியதில்லை.) கவனியுங்கள்: கடைசிப் படிக்கு இன்னொரு மனிதர் தேவை. 403 என்ற ஒரு எண் தனியாகச் சொல்லியிருக்கும் செய்தியைப் பெற இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

மனிதர் குழம்பினால் நேரம்தான் போகும். நிரல் குழம்பினால் காரியமே கெடும். டெராஃபார்ம் போன்ற கருவிகள், தாங்கள் நிர்வகிக்கும் பொருளுக்கு 404 வந்தால் அது அழிக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு தங்கள் கணக்கேட்டிலிருந்து நீக்கிவிடும். அதன் கிட்ஹப் இணைப்பும் ரெப்போவுக்கு இதையே செய்கிறது. டோக்கனின் அனுமதி குறைந்துபோனால், கருவி பார்வையில் ரெப்போ காணாமல் போகிறது. அடுத்த திட்டத்தில் ‘புதிதாக உருவாக்கு’ என்று எழுதுகிறது. உருவாக்கும் உரிமை மட்டும் மிச்சமிருந்தால் உருவாக்கவும் போகும். அங்கே கிட்ஹப், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று 422 சொல்லித் தடுக்கும். ஒரு வாசலில் ‘இல்லை’, அடுத்த வாசலில் ‘ஏற்கெனவே இருக்கிறது’. நிறுத்தியவரை நல்லது. தனித்துவமான பெயர் தேவைப்படாத பொருளாக இருந்தால் சத்தமில்லாமல் இரண்டாவது ஒன்று பிறந்திருக்கும்.

இந்தச் செலவு ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் கேஷ். வெளிப்படையான கட்டளை இல்லாவிட்டாலும் 404-ஐ ஒரு கேஷ் தன் ஊகத்தில் சேமித்து வைக்கலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. 403-க்கு அந்த இயல்பான அனுமதி இல்லை. `Authorization` ஹெடரோடு வரும் கேள்விகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு, ஆனால் குக்கியை வைத்து லாகின் நடக்கும் தளங்களுக்கு அது கிடையாது. நிர்வாகி அனுமதி கொடுத்த பிறகும் “இன்னும் வரலையே” என்று புலம்பல் வந்தால், நடுவே எங்கோ ஒரு கேஷ் பழைய ‘இல்லை’யைப் பரிமாறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறைக்க அனுப்பும் 404-இல் `Cache-Control: no-store` போட மறக்கக்கூடாது.

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு: பாதுகாப்பு முக்கியம் என்றால் டெவலப்பரின் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாமா? வேண்டும், பெயரே செய்தியாக இருக்கும் இடங்களில். ரெப்போவின் பெயரில் இன்னும் அறிவிக்காத ஒரு கூட்டணியின் பெயர் இருக்கலாம். நோயாளியின் பதிவு இருக்கிறது என்பதே ஒருவரின் நோயைச் சொல்லிவிடலாம். 1, 2, 3 என்று வரிசையாகப் போகும் இன்வாய்ஸ் எண்கள் வியாபாரத்தின் அளவைச் சொல்லிவிடலாம். அங்கே மறைப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் 122 பிட் தற்செயலால் ஆன யூயூஐடியை யாரும் ஊகித்துவிட முடியாது. அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் சக ஊழியர் அனுப்பிய இணைப்பைத் தட்டியவர். கூகுள் டிரைவ் இதைப் புரிந்துவைத்திருக்கிறது: ஊகிக்க முடியாத ஐடி என்பதால், அனுமதி இல்லாதவருக்கு ‘அனுமதி கேளுங்கள்’ என்று ஒரு பொத்தானையே காட்டுகிறது. விந்தை என்னவென்றால், அதே கோப்பை அதே ஆள் டிரைவின் ஏபிஐ வழியாகக் கேட்டால் 404 வரும்; ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாட்ச்மேன். கேட்பவர் பொருளை ஏற்கெனவே பார்க்க முடிகிறது, மாற்ற மட்டும் உரிமை இல்லை என்றால் மறைக்க என்ன மிச்சமிருக்கிறது? அங்கே கிட்ஹப்பே பல இடங்களில் 403-தான் தருகிறது.

மறைத்தே ஆக வேண்டிய இடத்தில் அதைச் செலவு குறைவாகச் செய்யும் வழி, பொருளைத் தேடும்போதே சொந்தக்காரரையும் சேர்த்துத் தேடுவது:

```ruby
current_user.documents.find(params[:id])
```

ரெயில்ஸில் இந்த ஒரு வரி, பிறருடைய ஆவணத்துக்கும் இல்லாத ஆவணத்துக்கும் ஒரே பாதையில் ஒரே 404 தரும். தனியாக ஒரு அனுமதிச் சோதனை இல்லாததால், என்பிஎம்மில் கண்ட நேர வித்தியாசத்துக்கும் இடம் குறைவு. ஆனால் இப்போது சர்வருக்கே உண்மைக் காரணம் தெரியாது. தெரிய வேண்டுமென்றால், பதில் அனுப்பிய பிறகு, பின்னணி வேலையாக, ‘இந்த ஐடி வேறு யாருக்காவது சொந்தமா?’ என்று பார்த்து லாகில் எழுத வேண்டும். பதிலுக்கு முன்னால் பார்த்தால் நேரக் கசிவு திரும்பி வந்துவிடும். பதிலோடு ஒரு கோரிக்கை எண்ணும் போக வேண்டும், கிட்ஹப்பின் `X-GitHub-Request-Id` போல. காரணம் லாகில் பிரிந்து கிடப்பதால் கண்காணிப்புக்கும் கண் கிடைக்கிறது: ஒரே கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் ‘பிறர் ஆவணம்’ என்று விழுந்தால் அது துழாவல், சாதாரண 404 கும்பலில் அது தெரிந்தே இருக்காது.

கடைசி ஓட்டை ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறது. பயனர் கோரிக்கை எண்ணோடு டிக்கெட் போடுகிறார். உதவியாளர் லாகைப் பார்த்துவிட்டு, “அந்த ரெப்போவுக்கு உங்களுக்கு பர்மிஷன் இல்லை சார்” என்று நல்லெண்ணத்தோடு எழுதிவிடுகிறார். சர்வர் 404 சொல்லிக் காத்ததை மின்னஞ்சல் சொல்லிவிட்டது. அந்தக் காரணத்தைக் கேட்டவருக்கு எழுதாமல் பொருளின் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். அனுமதி கொடுப்பதா, இல்லை ‘அப்படி எதுவும் இல்லை’ என்றே விட்டுவிடுவதா என்று அவர் சொல்லட்டும்.